பூஜா ஊதமாட்டேன் என்ற வாரம்

"சும்மா புள்ளைங்களோட விளையாடறதுக்கு ஒரு சம்பளமா?" என்று யாராவது கேட்டால் அன்வரி பேகம் சண்டைக்குப் போகமாட்டாள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பக்கத்தில் நிற்கிற நமக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். கேட்ட ஆளை ஒரே ஒரு காலை நேரம் அந்த வார்டில் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஊசி போட்ட கையை அட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். இன்னொன்றுக்குக் காலில் எடை தொங்கும். வேறொன்றுக்குத் தலையைத் தூக்கினாலே சுற்றும். எழுந்து உட்காரத் தெம்பில்லாத பிள்ளையை அலுக்கவும் விடாமல், களைக்கவும் விடாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள் என்று சொன்னால், கேட்டவருக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அன்வரி பேகம் இருப்பது மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கம். கணவர் ஷாஹுல் ஹமீது தையல் கடை வைத்திருக்கிறார். இவள் முன்பு ஒரு பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். அதற்குப் பிறகுதான் அடையாறில் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு விளையாட்டு காட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். முதல் மாதம் பால்வாடி நினைப்பிலேயே பாட்டும் கைதட்டலுமாக அமர்க்களம் பண்ணினாள். ஒரு டெங்கு பையன் அவளோடு ஆடிப்பாடிவிட்டு, மதியச் சாப்பாட்டை அள்ளிப் போடக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்துக்கொண்டான். அன்றைக்கு ஹெட் நர்ஸ் விட்ட டோஸில் தெளிந்ததுதான். அதற்குப் பிறகு, பிள்ளை "இன்னும்" என்று கேட்கிறபோதே டப்பாவை மூடிவிடக் கற்றுக்கொண்டாள்.

டப்பா என்றால் மூடி போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் கூடை. காந்தம் ஒட்டும் தட்டு, விரலில் மாட்டும் பொம்மைகள், பெட்ஷீட்டின் மேல் ரோடு போட கலர் டேப், கட்டைவிரல் அளவு கார்கள். ஒவ்வொரு காரிலும் நூல் கட்டிக் கட்டில் கம்பியில் முடிச்சுப் போட்டுவிடுவாள். கீழே விழுந்தால் பிள்ளை குனிய வேண்டாம், நூலை இழுத்தால் போதும். ஒரு பிள்ளை தொட்ட சாமானைத் துடைக்காமல் அடுத்த பிள்ளையிடம் கொண்டுபோகமாட்டாள். ஒன்றுமே முடியாத பிள்ளைக்கு அவளே காரை ஓட்டுவாள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பிள்ளை கண்ணால் காட்டினால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும், "வரலாமா?" என்று கேட்பாள். பிள்ளை வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லை, அடுத்த கட்டில். புதிதாக வந்த அம்மாக்கள் எல்லாம், "அது கெடக்குது, நீங்க வாங்கக்கா" என்பார்கள். போகமாட்டாள்.

"ஊசி வேணான்னா வுடுவாங்களா? மாத்திர வேணான்னா வுடுவாங்களா? என்கிட்ட மட்டுந்தான் அதுங்க வேணான்னு சொல்ல முடியும். அதையும் புடுங்கிக்கினா எப்டி?" என்பாள்.

இவ்வளவு தெரிந்தவள்தான் பூஜா விஷயத்தில் சறுக்கினாள்.

பூஜாவுக்கு எட்டு வயசு. அப்பா தி.நகரில் ஒரு நகைக்கடையில் சேல்ஸ்மேன், அம்மா சண்முகப்ரியா வீட்டில்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தது நிமோனியாவாகி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. விலாவில் ஓட்டை போட்டு ட்யூப் விட்டார்கள். ட்யூபின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும் ஒரு பாட்டிலுக்குள் போகும். பிள்ளை மூச்சு விடும்போதெல்லாம் அந்த ட்யூபில் தண்ணீர் ஏறி இறங்கும். சண்முகப்ரியா சாமி படத்தைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீழ் பெருமளவு வடிந்துவிட்டது. ஆனால் அழுந்திப்போயிருந்த நுரையீரலின் அடிப்பக்கம் விரியவில்லை. நன்றாக மூச்சை இழுத்தால்தான் விரியும். இழுத்தால் ட்யூப் போட்ட இடம் சுருக்கென்று குத்தும். அதனால் பூஜா மேலோட்டமாகக் குட்டிக் குட்டி மூச்சாக விட்டுக்கொண்டு ஒரு பக்கம் ஒடுங்கிப் படுத்திருந்தாள். பிசியோதெரபி பார்க்கும் விஜயராகவன் மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, உறிஞ்சிப் பந்தை மேலே ஏற்றச் சொன்னான். ஒரு தடவை உறிஞ்சிப் பார்த்தாள். வலித்ததும் அதைத் தூர வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவன் தலையைக் கண்டாலே கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அவன்தான் அன்வரியிடம் வந்தான். "பேகம்மா, நீங்க பபிள்ஸ் விட வைங்களேன். நீளமா ஊதணும்னா முதல்ல நல்லா மூச்சு இழுத்துதான ஆகணும். எனக்கு அது போதும்."

நல்ல யோசனைதான். அதில் தப்பே இல்லை. அன்வரி கூடையோடு போனாள். பூஜா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள், சோப்புத் தண்ணீர் டப்பியைப் பார்த்தாள். பெரிய மனுஷி மாதிரிக் கேட்டாள்.

"இதுவும் ட்ரீட்மென்டா?"

"சேச்சே. சும்மா விளையாட்டு கண்ணு," என்றாள் அன்வரி.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பிள்ளை ஒத்துக்கொள்ள வேண்டுமே என்ற அவசரம். அந்த வினாடியில் அதைப் பொய் என்று அவள் நினைக்கக்கூட இல்லை.

அப்புறம் என்ன, பிடித்துக்கொண்டது. வலி மருந்து கொடுத்து அது வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் அன்வரி போவாள். மெதுவாக ஊதினால்தான் பெரிய குமிழி வரும், வேகமாக ஊதினால் உடைந்துவிடும். பூஜா அதைத் தானே கண்டுபிடித்தாள். சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, பஞ்சு உருண்டையை ஸ்ட்ராவால் ஊதிக் கோல் போட்டாள். சிரித்தாள், சிரித்ததும் இருமல் வந்தது. ட்யூப் இருந்த விலாவோடு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து மறுபடி ஊதினாள். சண்முகப்ரியா மகளைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எக்ஸ்ரேயில் அடிப்பக்கம் ஒரு கீற்று தெளிந்திருக்கிறது என்று டாக்டர் சீதா சொன்னார். வார்டு டாக்டர் அவர்தான், லேசில் நல்ல வார்த்தை சொல்லமாட்டார்.

அப்படி ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் விஜயராகவன் வந்தான். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டான். முகமெல்லாம் பல்.

"பேகம்மா, சூப்பர். இந்தப் பக்கம் காத்து போகுது. உங்க பபிள்ஸ்தான் ட்ரீட்மென்டே. பத்து பிசியோ வந்தாலும் இப்படி ஊத வெச்சிருக்க முடியாது."

அவன் பாராட்டினான், பாவம். பூஜா ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தாள். அன்வரியைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. ஸ்ட்ராவை மேசையின் மேல் நேராக வைத்தாள்.

"பொய் சொன்னீங்க," என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்வரிக்கு முகம் செத்துவிட்டது.

அதோடு எல்லாம் நின்றது. பபிள்ஸ் கிடையாது, பந்து கிடையாது, பஞ்சு கிடையாது. அன்வரி "வரலாமா?" என்று கேட்டால் பதில் கூட வராது. அப்பா கடையிலிருந்து நேராக வந்து கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு பழையபடி குட்டி மூச்சு விட ஆரம்பித்தாள். காய்ச்சல் மறுபடி லேசாக எட்டிப் பார்த்தது. புது எக்ஸ்ரே எடுத்தார்கள். தெளிந்திருந்த கீற்று மங்கியிருந்தது.

டாக்டர் சீதா சண்முகப்ரியாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "வியாழக்கிழமை இன்னொரு படம் எடுக்கப்போறோம். அப்பவும் நுரையீரல் விரியலேன்னா சர்ஜன்கிட்ட கொடுத்துடுவோம். உள்ள ஒட்டிக்கிட்டிருக்கற தோல் மாதிரி இருக்கறத உரிச்சு எடுக்கணும். பயப்படாதீங்க, செய்யறதுதான். ஆனா அது இல்லாமலே சரியாக இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. அவ மூச்ச இழுக்கணும்."

சண்முகப்ரியா அங்கிருந்து நேராக அன்வரியிடம் வந்து நின்றாள். அன்வரி கை கழுவும் இடத்தில் பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா. புதுசா ஏதாச்சும் விளையாட்டு கொண்டாங்க. இது ட்ரீட்மென்ட் இல்ல, அந்தத் தம்பி தெரியாம சொல்லிட்டாருன்னு சொல்லிருங்க."

"மறுபடியும் பொய் சொல்ல சொல்றியாம்மா?"

"ஆமா, சொல்லுங்க. என்ன இப்போ? எம்புள்ள நெஞ்ச அறுக்கப் போறாங்க. உங்களுக்குப் பொய்யும் உண்மையும் பெருசாத் தெரியுதோ?"

சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அன்வரிக்குக் கையிலிருந்த குட்டி யானை நழுவித் தொட்டியில் விழுந்தது. அம்மாக்காரி கேட்பதில் என்ன தப்பு? பெற்ற வயிறு பற்றி எரிகிறது. ஒரு பொய், அவ்வளவுதானே. ஆபரேஷன் தப்பிக்குமென்றால் நூறு பொய் சொல்லலாமே. ஆனால் அந்தப் பிள்ளை இனி நம்புமா? நம்பினாலும் மறுபடி ஒரு நாள் தெரிந்துபோனால்? பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தவளும் இவள்தான், அதை வைத்துக்கொண்டு பிள்ளை தன் உயிரோடு விளையாடுகிறபோது கையைப் பிசைகிறவளும் இவள்தான். கேன்டீனில் டீ வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆடை படிந்து ஆறிப்போனதுதான் மிச்சம், ஒரு வாய் குடிக்கவில்லை.

அன்று மதியம் கூடையை நர்ஸ் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்கையோடு பூஜா கட்டிலுக்குப் போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வருகிற மாதிரிக் குனிந்து உட்கார்ந்தாள்.

"வெளாட வரல. ஒண்ணு சொல்லணும், சொல்லிட்டு போய்டறேன். நான் சொன்னது பொய்தான் கண்ணு. அது ட்ரீட்மென்ட்டுதான். எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன். நீ ஊதணும்னு அவசரத்துல சொல்லிட்டேன். தப்பு என்மேல."

சுவரைப் பார்த்திருந்த தலை கொஞ்சம் திரும்பியது.

"ஊதுனா என்ன ஆகும்?"

"ஊதறது கூட இல்ல. ஊதறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்கற பாரு, அதான் மருந்து. உள்ள மடங்கிக்கினு கீற எடம் அந்தக் காத்துலதான் விரியும்."

"வலிக்குது."

"வலிக்கும். வலி மருந்து குடுத்தப்புறம் கம்மியா வலிக்கும். வலிக்கவே வலிக்காதுன்னு நான் சொல்லமாட்டேன்."

பூஜா யோசித்தாள். "ஊதலேன்னா?"

சண்முகப்ரியா கட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டாம், சொல்லாதீர்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். அன்வரிக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்வது தன் வேலை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அத டாக்டர்தான் சொல்லணும். எனக்கு முழுசா தெரியாது. கூட்டிக்கினு வரட்டா?"

பூஜா தலையாட்டினாள். அன்வரி எழுந்துபோய் டாக்டர் சீதாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். தன் பொய்யையும் சேர்த்து. டாக்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் சண்முகப்ரியாவைத் தனியே கூப்பிட்டு, "நாம மறைக்கறோம்னு அவளுக்கு ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சும்மா. நான் பக்குவமா சொல்றேன், நீங்க பக்கத்துல உக்காருங்க," என்றார். அந்த அம்மாவுக்கு மனசே இல்லை. இருந்தாலும் சரி என்றாள்.

டாக்டர் சீதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நுரையீரல் விரியாவிட்டால் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்ய வேண்டிவரலாம், தூங்கவைத்துத்தான் செய்வோம், அப்போது வலி தெரியாது, விழித்தபிறகு தெரியும், அதற்கும் மருந்து உண்டு என்று சொன்னார். ஊதினால் ஆபரேஷன் கண்டிப்பாக வராது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் வராமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். சண்முகப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூஜா அம்மாவைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், கடைசியாக அன்வரியைப் பார்த்தாள்.

"எல்லாரும் போங்க," என்றாள்.

அவ்வளவுதான். அன்வரி போனாள். அவள் சட்டம் அது, போய்த்தானே ஆகவேண்டும். சண்முகப்ரியா அவளைப் பார்த்த பார்வையில், என் பிள்ளையைக் கெடுத்துவிட்டாயே பாவி என்பது தெளிவாக இருந்தது. பஸ்ஸில் மயிலாப்பூர் வரை அன்வரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஷாஹுல் ஹமீது, "இன்னா மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று கேட்டதற்கு, "வாயக் குடுத்து மாட்டிக்கினேன்," என்று மட்டும் சொன்னாள். சோறு இறங்கவில்லை. தொழுகையில் உட்கார்ந்தபோது வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை, அந்தப் பிள்ளை ஒரு மூச்சு இழுக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

மறுநாள் அவள் வார்டுக்குள் நுழையும்போது பூஜா கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திக்கென்றது. காய்ச்சல் கூடிவிட்டதோ, இன்றைக்கே கொண்டுபோகிறார்களோ என்று வேகமாக நடந்தாள். சண்முகப்ரியா வெளியே நின்றாள்.

"அந்தத் தம்பிய அவளே கூப்புடச் சொன்னா. பந்து ஏத்தப் போறாளாம்." சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்கள உள்ள விடவேண்டாம்னு சொல்லிட்டாக்கா."

அன்வரி தலையாட்டினாள். பக்கத்துக் கட்டிலில் காலில் எடை தொங்கிய பையனிடம் போய், "வரலாமா?" என்று கேட்டு, பெட்ஷீட்டில் கலர் டேப் ஒட்ட ஆரம்பித்தாள். கை டேப்பை ஒட்டியது, காது திரைக்குள் இருந்தது. விஜயராகவன் தணிந்த குரலில், "இழு, இழு, இன்னும் கொஞ்சம்," என்றான். ஒரு விசும்பல். அப்புறம் பிளாஸ்டிக்கில் பந்து டக்கென்று முட்டும் சத்தம். பிள்ளை வலியில் அழுதுகொண்டே, "நானே இழுக்கறேன், நீங்க சொல்லாதீங்க," என்று அவனை அதட்டியது. மறுபடி டக். பையன், "ஆன்ட்டி, ரோடு கோணலா போகுது," என்றான். போகத்தான் செய்தது. அன்வரி பிரித்து மறுபடி ஒட்டினாள்.

வியாழக்கிழமை வரை பூஜா அவளைக் கூப்பிடவே இல்லை. நாளெல்லாம் அந்தப் பந்து சத்தம் கேட்கும். விஜயராகவன் இல்லாதபோதும் கேட்கும். நடுவில் களைத்துத் தூங்கிப்போவாள், விழித்ததும் மறுபடி ஒரு தடவை. அன்வரி அந்தத் திரையைத் தாண்டித்தான் போவாள், வருவாள். எட்டிப் பார்க்கமாட்டாள். ஏன் கூப்பிடவில்லை என்று மனசு வலித்ததா என்றால் வலிக்கத்தான் செய்தது. நன்றாகவே வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று இருந்தாள்.

வியாழக்கிழமை படம் எடுக்கத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நர்ஸ் கூடவே நடந்தாள். திரும்பி வந்த பிறகும் முடிவு வர நேரமாயிற்று. சர்ஜன் வந்தார், டாக்டர் சீதாவோடு கம்ப்யூட்டர் முன்னால் நின்றார், இருவரும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அன்வரி ஒரே விரல் பொம்மையை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சண்முகப்ரியா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

டாக்டர் சீதா வெளியே வந்தார். "விரிஞ்சிருக்கு. முழுசா இல்ல, ஆனா போதும். ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டார். வடியறதும் கிட்டத்தட்ட நின்னாச்சு. இப்படியே போனா சனிக்கிழமை ட்யூப எடுத்துடலாம்."

சண்முகப்ரியா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அன்வரி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். அந்த அம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "கண்டபடி பேசிட்டேன்க்கா," என்றாள். "வுடும்மா, உன் எடத்துல நான் இருந்தா அடிச்சிருப்பேன்," என்றாள் அன்வரி. இரண்டு பேரும் அழுதார்கள். ஆனால் பூஜா அன்றும் கூப்பிடவில்லை, வெள்ளிக்கிழமையும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை ட்யூப் எடுக்க எல்லாம் தயார். வலி மருந்து கொடுத்தாயிற்று. கட்டும் பஞ்சும் தட்டில் வந்தாயிற்று, திரையை மட்டும் இன்னும் இழுக்கவில்லை. பூஜா மேலுக்குத் தைரியமாகத்தான் இருந்தாள்.

"வலிக்குமா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"வலிக்காதுடா செல்லம். எறும்பு கடிக்கற மாதிரி."

நர்ஸைக் கேட்டாள். நர்ஸும் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமே தெரியாது பாரு," என்றாள்.

பூஜா இருவரையும் விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி, இரண்டு கட்டில் தள்ளி நின்றிருந்த அன்வரியைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க."

வார்டில் எல்லாரும் அன்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகப்ரியாவும் பார்த்தாள். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை.

"வலிக்கும்," என்றாள் அன்வரி. "இழுக்கும்போது சுருக்குன்னு வலிக்கும். நீ மூச்சப் புடிச்சிக்கினு இருக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் கொஞ்ச நேரம் எரியும்."

பூஜா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அப்புறம் ஊசி போடாத கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"அப்ப வாங்க," என்றாள்.